ஒன்றரை மாத ஊசி: நினைவூட்டலில் தேதியோடு வேறென்ன எழுதலாம்?

கிராமச் செவிலியர்
17 பிப்ரவரி 2025, இரவு 9.10

டெல்டா பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குப் புதன்கிழமை தடுப்பூசி நாள். திங்கள் இரவு அம்மாக்களுக்கு வாட்ஸப்பில் நினைவூட்டல் அனுப்புவேன். இப்போது அனுப்புவது இவ்வளவுதான்:

"உங்கள் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி புதன் காலை 9 மணிக்கு அங்கன்வாடியில் போடப்படும். தவறாமல் வரவும்."

இதைப் பார்த்து வந்துவிடுகிறார்கள். வந்த பிறகுதான் சிக்கல். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். மூன்று ஊசி என்றதும் பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். அன்று இரவு பதினோரு மணிக்கு, "சிஸ்டர், உடம்பு அனலாக் கொதிக்குது" என்று போன் வருகிறது. வரப்போவது முன்பே தெரிந்திருந்தால் அந்த அம்மா அவ்வளவு பயந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். போன தடவை பயந்தவர்கள்தான் அடுத்த தவணைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். செய்தியில் என்ன இருந்திருந்தால் உங்களுக்கு உதவியிருக்கும்?

ஜனவரிக் குழந்தையின் அம்மா
17 பிப்ரவரி, இரவு 9.48

முதலில் தேதியே குழப்பம். மகள் ஜனவரி 16, வியாழக்கிழமை பிறந்தாள். போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் 27-02-2025 என்று இருக்கிறது. எங்கள் ஊர் நர்ஸம்மா மார்ச் 5 வாருங்கள் என்கிறார். எது சரி? ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாதா?

ராமநாதபுரம் அப்பா
17 பிப்ரவரி, இரவு 10.02

26ஆம் தேதி புதன்கிழமைதானே. அன்றே போய்ப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் முன்னால் போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

ஓய்வுபெற்ற பகுதி செவிலியர்
18 பிப்ரவரி, காலை 6.20

தம்பி, தள்ளிப்போடக் கூடாது என்பது சரி. முன்னால் போடலாம் என்பது சரியில்லை. நாம் வாய்க்கு வந்தபடி ஒன்றரை மாதம் என்கிறோம். அட்டவணையில் இருப்பது ஆறு வாரம், அதாவது 42 நாள் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் போட்டால் பிள்ளையின் உடம்பு மருந்தைச் சரியாக ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். அதனால் குறைந்தபட்ச வயது என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஆறு, பத்து, பதினான்கு வாரம் எல்லாமே ஏழின் மடங்கு. அதனால் எந்தக் கிழமை பிறந்ததோ அதே கிழமையில்தான் நாள் முடியும். செவ்வாய்க்கிழமை பிறந்த பிள்ளைக்கு மறுநாளே புதன் வந்துவிடும். வியாழக்கிழமை பிறந்த பிள்ளைக்கு ஆறு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த அம்மாவின் மகளுக்கு 27ஆம் தேதி 42 நாள் முடிகிறது. அடுத்த புதன் மார்ச் 5. குறுஞ்செய்தி சொல்வது எந்த நாளிலிருந்து போடலாம் என்பதை. நர்ஸம்மா சொல்வது எந்த நாளில் போடுகிறார்கள் என்பதை. இரண்டும் சரிதான்.

அடுத்த இரண்டு தவணைக்கும் நடுவில் 28 நாளாவது இருக்க வேண்டும். மார்ச் 5 போட்டால் ஏப்ரல் 2, பிறகு ஏப்ரல் 30. ஏப்ரல் 2 அன்று வர முடியாமல் 9ஆம் தேதி வந்தால், மூன்றாவது மே 7க்குப் போகும். எவ்வளவு தாமதமானாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஜனவரிக் குழந்தையின் அம்மா
18 பிப்ரவரி, காலை 7.05

ரொம்ப நன்றி அம்மா. காலண்டரில் மூன்று புதனையும் வட்டம் போட்டுவிட்டேன்.

இரட்டைக் குழந்தை அப்பா
18 பிப்ரவரி, மதியம் 1.30

எங்களுக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டார்கள். இரண்டு பேரும் இரண்டு கிலோவுக்கும் குறைவு. அந்த ஒரு மாதத்தைக் கூட்டி, இரண்டரை மாதத்தில் போட்டால் போதும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். அப்படித்தானா?

ஓய்வுபெற்ற பகுதி செவிலியர்
18 பிப்ரவரி, மதியம் 2.15

கூட்ட வேண்டாம். பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. பிள்ளை தேறி வீட்டில் இருந்தால் 42 நாள் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் போலவே போடலாம். குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்தால் தாங்காது. மற்ற பிள்ளைகளைக் காட்டிலும் இவர்களுக்குத்தான் நேரத்தோடு போட வேண்டும். இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டும் அங்குள்ள டாக்டரைக் கேளுங்கள்.

திருப்பூர்க்காரர்
18 பிப்ரவரி, இரவு 11.20

நான் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். தடுப்பூசி குறுஞ்செய்தி எனக்குத்தான் வருகிறது, ஏனென்றால் கர்ப்பம் பதிவு செய்தபோது என் நம்பரைக் கொடுத்தோம். மனைவி பிரசவத்துக்குப் போய் இன்னும் புதுக்கோட்டைப் பக்கம் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளிடம் இருக்கும் போனில் எதுவும் வருவதில்லை. போன மாதம் வந்ததை நான் பார்த்தது இரண்டு நாள் கழித்து. பார்த்து என்ன, எங்கே போடுவது என்றும் தெரியவில்லை. பதிவு இங்கே, பிள்ளை அங்கே.

கிராமச் செவிலியர்
19 பிப்ரவரி, இரவு 8.40

அண்ணா, நீங்கள் சொன்னதுதான் எங்களுக்கும் பெரிய தலைவலி. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். கர்ப்பப் பதிவு புகுந்த ஊரில் இருக்கும். பிள்ளை தாய்வீட்டில் இருக்கும். புகுந்த ஊர்ச் செவிலியரின் பட்டியலில் பெயர் இருக்கிறது, போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. தாய்வீட்டு ஊர்ச் செவிலியரிடம் பெயரே இல்லை, அதனால் அவர் நினைவூட்டலும் அனுப்புவதில்லை. மூன்றாவது தவணைக்குள் பிள்ளை புகுந்த ஊருக்குத் திரும்பிவிடும். அங்கே போய் "இரண்டு தவணை போட்டாச்சு" என்றால் அட்டையில் பதிவு இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மனைவி பிள்ளையோடு எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ போய், பிள்ளை இங்கே இருக்கிறது என்று பெயர் கொடுக்க வேண்டும். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் போடுவார்கள், திருப்பி அனுப்பக் கூடாது. கர்ப்பப் பதிவின்போது கொடுத்த பிக்மி எண் இருந்தால் பழைய பதிவைத் தேடி எடுக்கலாம், அது தாய் சேய் அட்டையின் முன்பக்கத்தில் இருக்கும். அட்டையைப் படமெடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் நம்பரையும் அந்தச் செவிலியரிடம் கொடுங்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின் அனுப்பும் செய்தி உங்களுக்கே வந்தாலும் செவிலியர் நேராக அவரைக் கூப்பிட்டுவிடுவார்.

இதைப் படித்த பிறகு என் செய்தியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: "குழந்தை இப்போது வேறு ஊரில் இருந்தால் எந்த ஊர் என்று பதில் அனுப்பவும்." இன்றே இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒரு பிள்ளை ஓசூரில் இருக்கிறது. அந்தப் பகுதிச் செவிலியருக்குச் சொல்லியாகிவிட்டது.

திருப்பூர்க்காரர்
20 பிப்ரவரி, காலை 7.10

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். இன்றே அங்கன்வாடிக்குப் போகிறார்கள்.

மதுரை அத்தை
20 பிப்ரவரி, காலை 10.25

எங்கள் வீட்டுப் பையனுக்குப் போலியோ சொட்டு மருந்து முகாமில் போட்டோம், விரலில் மைகூட வைத்தார்கள். பிறகு எதற்கு இன்னொரு நாள் போகணும்?

கிராமச் செவிலியர்
20 பிப்ரவரி, மதியம் 12.50

முகாமில் கொடுப்பது கூடுதல் சொட்டு அத்தை. அது இந்தக் கணக்கில் சேராது. ஆறாவது வாரத்தில் சொட்டு மருந்தோடு ஊசிகளும் இருக்கின்றன. பையனுக்கு என்ன வயது? அட்டையைக் கொஞ்சம் பாருங்கள், ஊசிக் கட்டங்களில் தேதி எழுதியிருக்கிறதா என்று.

மதுரை அத்தை
20 பிப்ரவரி, மாலை 4.05

நாலு மாசம். பிறந்தப்ப போட்டது மட்டும் எழுதியிருக்கு.

கிராமச் செவிலியர்
20 பிப்ரவரி, மாலை 4.30

அப்படியானால் வருகிற புதனே கூட்டிக்கொண்டு போங்கள். இப்போதும் நேரம் இருக்கிறது. அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஜனவரிக் குழந்தையின் அம்மா
21 பிப்ரவரி, காலை 11.00

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: எத்தனை ஊசி, எங்கே போடுவார்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எனக்கே இங்கே படித்த பிறகுதான் தெரிந்தது, மூன்று என்று. என்ன உடுத்திக் கூட்டி வருவது?

கிராமச் செவிலியர்
21 பிப்ரவரி, இரவு 9.30

ஆறாவது வாரத்தில் வாயில் இரண்டு மருந்து, ஊசி மூன்று. இடது தொடையில் கக்குவான் இருமல் உள்பட ஐந்து நோய்களுக்கான பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான ஊசி, வலது மேல்கையில் போலியோ ஊசி. பத்தாவது வாரத்தில் ஊசி என்றால் பென்டா ஒன்று மட்டும். பதினான்காவது வாரத்தில் மறுபடி மூன்று. இதைச் சொல்லாமல் விடுவதால்தான், இரண்டாவது தடவை ஒரே ஊசி போட்டு அனுப்பினால் "இரண்டை விட்டுட்டீங்களா?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

துணிக்கு வருவோம். கையில் போடும் போலியோ ஊசி தோலுக்குள் போடுவது. மருந்து 0.1 மில்லிதான். போட்டதும் தோலில் சின்னதாக ஒரு கொப்புளம் எழும்ப வேண்டும், அப்போதுதான் சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது. முழுக்கைச் சட்டையை இறுக்கமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இதைப் போட முடியாது. முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜபலா போதும். காலோடு ஒட்டிய பேன்ட் வேண்டாம், தொடையில் வீக்கம் வந்தால் அழுத்தும். மேலே போர்த்த ஒரு பருத்தித் துணி.

பிடிப்பதுதான் முக்கியம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையைப் பக்கவாட்டில் மடியில் வைக்க வேண்டும். ஒரு கை அம்மாவின் அக்குளுக்குள் போய் முதுகைச் சுற்றி இருக்கும், மற்ற கையை அம்மா பிடித்துக்கொள்வார். பிள்ளை துள்ளினால் ஊசி கீறிவிடும். பிடிக்க மனசு வரவில்லை என்றால் வேறு யாரையாவது கூட அழைத்து வாருங்கள்.

ராமநாதபுரம் அப்பா
21 பிப்ரவரி, இரவு 9.55

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். சொட்டு மருந்து கொடுத்தால் அரை மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. சளி இருந்தாலும் ஊசி போடக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டால் காய்ச்சலே வராது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஓய்வுபெற்ற பகுதி செவிலியர்
22 பிப்ரவரி, காலை 6.05

மூன்றையும் ஒன்றொன்றாகப் பார்ப்போம் தம்பி.

தாய்ப்பாலுக்குத் தடை இல்லை. சொட்டு போட்ட உடனேயும் கொடுக்கலாம். ஊசி போட்டதும் மார்பில் போட்டால் அழுகை சீக்கிரம் அடங்கும். வயிறு முட்டக் கொடுத்துவிட்டு உடனே சொட்டு போடும்போதுதான் சில பிள்ளைகள் கக்கும். கக்கினால் செவிலியரிடம் அங்கேயே சொல்லுங்கள்.

லேசான சளி, இருமல், கொஞ்சம் வயிற்றுப்போக்கு இருந்தாலும் போடலாம். நல்ல காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இப்படி இருந்தால் ஊசியைத் தள்ளி வைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு ஊசி போடாமலே காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் செய்யவே கூடாது. போன தடவை ஊசிக்குப் பிறகு வலிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

காய்ச்சல் மருந்தை முன்கூட்டிக் கொடுப்பது வேண்டாம். காய்ச்சல் வராத பிள்ளைக்கு மருந்து எதற்கு? அப்படிக் கொடுத்தால் ஊசியின் பலன் கொஞ்சம் குறைகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். வந்த பிறகு கொடுங்கள்.

ராமநாதபுரம் அப்பா
22 பிப்ரவரி, காலை 8.15

பால் விஷயம் எங்கள் அம்மா சொன்னது, சரி, ஒத்துக்கொள்கிறேன். மருந்து விஷயத்தில் எங்கள் டாக்டரே முன்னால் கொடுக்கச் சொன்னார். அதனால் அதை நான் விடுவதாக இல்லை.

கிராமச் செவிலியர்
22 பிப்ரவரி, இரவு 9.15

உங்கள் டாக்டர் பிள்ளையைப் பார்த்துச் சொன்னதை நான் மாற்றச் சொல்லவில்லை அண்ணா. ஊர் முழுக்கப் போகும் செய்தியில் அப்படி எழுத முடியாது, அவ்வளவுதான்.

காய்ச்சல் மருந்தில் என் பயமே வேறு. பாராசிட்டமால் ஒரே பெயரில் மூன்று பலத்தில் கடையில் இருக்கிறது. நாலரை முதல் ஐந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் இது சரியாக வரும். சின்னக் குப்பியில், துளிக்குழாயோடு வரும் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். அதில் அரை மில்லி போதும். 5 மில்லியில் 125 என்று எழுதிய சிரப்பில் 2 மில்லி வேண்டும். 5 மில்லியில் 250 என்று எழுதியதில் 1 மில்லி. "போன தடவை 2 மில்லி கொடுத்தோம்" என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து 2 மில்லி எடுத்தால் 200 மில்லிகிராம் போய்விடும். நான்கு மடங்கு. ஈரலைப் பாதிக்கும் மருந்து இது.

அதனால் செய்தியில் மில்லிக் கணக்கு எழுதலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

ஓய்வுபெற்ற பகுதி செவிலியர்
23 பிப்ரவரி, காலை 6.30

எழுதாதே அம்மா. செய்தி கை மாறும். ஒன்றரை மாதப் பிள்ளைக்கு எழுதியதை ஒன்பது மாதப் பிள்ளைக்கும் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் குப்பியைக் கையோடு எடுத்து வரச் சொல். அன்று எடை பார்த்து, அந்தக் குப்பிக்கு எவ்வளவு என்று அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடு.

இரட்டைக் குழந்தை அப்பா
23 பிப்ரவரி, காலை 9.40

என் கருத்து வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பிள்ளையும் அழும்போது அட்டையைத் தேட முடியாது, போன் கையில் இருக்கும். குப்பியின் பலத்தையும் எடையையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

கிராமச் செவிலியர்
23 பிப்ரவரி, இரவு 8.50

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்குக் குப்பியை எடுத்து வரச் சொல்கிறேன். அளவை எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை அவர்கள் போனிலேயே படமெடுத்துக் கொடுக்கிறேன்.

மற்ற விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். காய்ச்சல் பெரும்பாலும் அன்று இரவே வரும், ஓரிரு நாளில் போய்விடும். பென்டா போட்ட தொடை சிவந்து வீங்கும், தொட்டால் அழும். ஈரத்துணி வைக்கலாம். தேய்க்க, நீவ, சூடு வைக்க, எதையும் பூச வேண்டாம். வீக்கம் வடிந்த பிறகு உள்ளே பட்டாணி போல ஒரு கட்டி சில வாரம் இருக்கலாம். வலி இல்லாவிட்டால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பிறந்தபோது இடது கையில் போட்ட காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. இடத்தில் சீழ்க்கட்டி வருவதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். புது ஊசியால் வந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தானாக உடைந்து ஆறித் தழும்பாகும். பிதுக்க வேண்டாம், மருந்து வேண்டாம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது எதற்கு என்றால், ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அதற்கான மருந்து எங்கள் பெட்டியில் இருக்கிறது, வீட்டில் இருக்காது.

வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை, வலிப்பு, பிள்ளை வெளுத்துத் துவண்டு போவது, பால் குடிக்காமல் இருப்பது, இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல், இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி, வண்டி இல்லாவிட்டால் 108. இவை அபூர்வம்.

கிராமச் செவிலியர்
24 பிப்ரவரி, இரவு 7.30

இன்று அனுப்பியது:

"புதன் (26-02) காலை 9 மணி, அங்கன்வாடி. உங்கள் குழந்தைக்கு ஆறு வார ஊசி. எடுத்து வர: தாய் சேய் அட்டை, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மருந்துக் குப்பி, போர்த்த ஒரு துணி. சட்டை முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். ஊசி மூன்று: இரண்டு தொடையில், ஒன்று வலது கையில். வாயில் இரண்டு மருந்து. தாய்ப்பால் எப்போதும் போலக் கொடுக்கலாம். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் இருக்க வேண்டும். அன்று இரவு காய்ச்சலும் தொடை வீக்கமும் வரலாம், ஓரிரு நாளில் சரியாகும். பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால், அழுகை அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. குழந்தை வேறு ஊரில் இருந்தால் பதில் அனுப்பவும்."

கொஞ்சம் நீளம்தான். வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு இதையே குரல்பதிவாக அனுப்பினேன்.

ஜனவரிக் குழந்தையின் அம்மா
6 மார்ச், காலை 8.20

நேற்று போட்டாச்சு. இரவு 100 டிகிரி வந்தது, ஒரு வேளை மருந்தோடு இறங்கிவிட்டது. இடது தொடை மட்டும் வீங்கியிருக்கிறது. மாமியார் நீவப் போனார், வேண்டாம் என்று இந்த இழையைப் படித்துக் காட்டினேன்.

ஒன்பது மாத ஊசியையும் இப்போதே குறித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அக்டோபர் 16 முடிகிறது. அடுத்த புதன் 22, தீபாவளிக்கு மறுநாளுக்கு மறுநாள். நாங்கள் ஊரில் இருப்போமா தெரியாது. அதுவும் இதே மாதிரிதானா?

ஓய்வுபெற்ற பகுதி செவிலியர்
6 மார்ச், காலை 10.45

முழுக்க இதே மாதிரி இல்லை அம்மா. அதில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வலது கையில், போலியோ ஊசியின் மூன்றாவது தவணை இடது கையில், நிமோனியா ஊசி தொடையில், அதோடு வைட்டமின் ஏ திரவம் வாயில். சில மாவட்டங்களில் மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு. அம்மை ஊசிக்கான காய்ச்சல் அன்று இரவு வராமல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம், லேசாகத் தடிப்பும் தெரியலாம். அப்போது ஊசி ஞாபகமே இருக்காது. காலண்டரில் அந்த வாரத்தையும் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, காலையிலேயே போய்விடுங்கள். அம்மை மருந்து பொடியாக இருக்கும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். தீபாவளிக்குப் போகும் ஊரிலும் புதன்கிழமை போடுவார்கள். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மதுரை அத்தை
6 மார்ச், மாலை 5.15

எங்க பையனுக்கும் போன வாரம் போட்டாச்சு. அடுத்தது எந்தப் புதன்னு அட்டையில பென்சிலால எழுதிக் கொடுத்தாங்க.